ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி தொடங்க, அதன் முடிவைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியைச் சீரமைக்க, ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி கேட்டுத் தமிழில் முன்மொழிவு எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர், "புல்லட் வரிகள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்கணும், இது இலக்கணம் கலந்து கிடக்கு" என்கிறார். எல்லா வரியையும் "இத்திட்டத்தின் மூலம்" என்று தொடங்கிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது? பட்டியல் இதுதான்:

இந்தத் திட்டத்தின் கீழ் நாங்கள்:
- ஏரியைத் தூர்வாருதல்
- கரையைப் பலப்படுத்துவோம்
- 500 பனை விதைகள்
- மதகு பழுதுபார்க்கப்படும்
- வரத்துக் கால்வாயில் உள்ள சீமைக்கருவேல மரங்களை அகற்றி ஆழப்படுத்த வேண்டும். இதனால் மழைக்காலத்தில் தடையின்றி நீர் வரும்.
- ஏரியில் குப்பை கொட்டக்கூடாது என்ற விழிப்புணர்வு
- ஊர் மக்களின் பங்களிப்பு

பதில்: உங்கள் நண்பர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். மருந்தைத்தான் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ஆங்கில முன்மொழிவுகளில் புல்லட் வரியின் முதல் சொல்லே வினையாக இருக்கும். அதனால் அங்கே "ஒரே மாதிரி தொடங்கு" என்றால் "வினையை ஒரே வடிவத்தில் வை" என்று அர்த்தம். தமிழில் வினை வரியின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அதே விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், நீங்கள் செய்தது மாதிரி ஏழு வரியின் தலையிலும் "இத்திட்டத்தின் மூலம்" என்று ஒட்டவைக்கத்தான் தோன்றும். படிப்பவர் கண் மூன்றாவது வரியிலேயே அந்த இரண்டு சொல்லையும் தாண்டிப் போய்விடும். வால்கள் மட்டும் பழையபடியே ஏழு திசையில் கிடக்கும்.

பல வருடங்களாகத் தொண்டு நிறுவனங்களுக்கு முன்மொழிவுகளும் ஆண்டறிக்கைகளும் திருத்திக் கொடுக்கிறேன். தமிழ்ப் பட்டியல் என்றால் வரியின் கடைசிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாக முதலில் படிப்பேன். உங்களுடையதை அப்படிப் படித்தால்: தூர்வாருதல், பலப்படுத்துவோம், விதைகள், பழுதுபார்க்கப்படும், வரும், விழிப்புணர்வு, பங்களிப்பு. ஒன்று தொழிற்பெயர், ஒன்று தன்மைப் பன்மை வினைமுற்று, ஒன்று வெறும் பொருட்பெயர், ஒன்று செயப்பாட்டு வினை. ஐந்தாவது ஒரு வேலையில் தொடங்கி அதன் பலனில் முடிகிறது. கலப்பு எங்கே என்று இந்த ஒரு நெடுவரிசையிலேயே தெரிந்துவிடும்.

நம் பழைய பட்டியல்களும் இப்படித்தான் முடிவில் ஒன்றுபடும். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வரிசைப்படுத்துவதைப் பாருங்கள்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. தொடக்கம் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. முடிவு மட்டும் ஒன்பது இடத்தில் தொழிற்பெயர். பத்தாவது இல்லாததைச் சொல்வதால் 'இன்மை' ஆகிறது, ஆனாலும் பெயர்தான். தொடக்கங்கள் இவ்வளவு வேறுபட்டும் காது தடுக்குவதில்லை.

அப்படியானால் தொடக்கத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அதைத் தனியாகத் திருத்த வேண்டியதில்லை. தமிழில் வரியின் முடிவுதான் அதன் தொடக்கத்தின் வேற்றுமையைத் தீர்மானிக்கிறது. "பழுதுபார்க்கப்படும்" என்று முடித்தால் முன்னால் "மதகு" என்று எழுவாயாகத்தான் வைக்க முடியும். "பழுதுபார்த்தல்" என்றால் "மதகை" என்று இரண்டாம் வேற்றுமை வரும். "பராமரிப்பு" என்று முடித்தாலோ "மதகைப் பராமரிப்பு" என்று எழுத முடியாது, "மதகுப் பராமரிப்பு" என்றுதான் வரும். பராமரித்தல், பராமரிப்பு இரண்டும் பெயர்தானே என்று கலந்து எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். "-தல்" தொழிற்பெயருக்குள் வினையின் உயிர் இன்னும் இருக்கிறது, அது செயப்படுபொருளை 'ஐ'யோடு ஏற்கும். "பராமரிப்பு", "சீரமைப்பு", "விழிப்புணர்வு" போன்றவை முழுப் பெயராகிவிட்டவை, ஏற்காது. ஆக, முடிவுகளை ஒரே வார்ப்பில் ஊற்றினால், உங்கள் நண்பர் கேட்ட ஒரே மாதிரித் தொடக்கம் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும்: ஏரியை, கரையை, மதகை, கால்வாயை.

இப்போது பட்டியலுக்கு மேலே இருக்கிற வரி. "இந்தத் திட்டத்தின் கீழ் நாங்கள்" என்று தொங்கவிட்டு, கீழே ஒவ்வொரு புல்லட்டும் அந்த வாக்கியத்தை முடிக்கும் என்று விட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது நடக்கும். தமிழில் வினைமுற்றில் முடியும் வரி மட்டுமே அதை முடித்துவைக்கும். "நாங்கள் கரையைப் பலப்படுத்துவோம்" சரி. "நாங்கள் ஏரியைத் தூர்வாருதல்" அந்தரத்தில் நிற்கிறது. நம் உரைநடையில் எண்ணி முடித்த பிறகுதான் "ஆகிய பணிகளைச் செய்வோம்" என்று தாங்கும் சொல் வரும். அந்த நன்னூல் பட்டியலும் "என்றிவை ஈரைங் குற்றம் நூற்கே" என்று கடைசியில்தான் மூடுகிறது. புல்லட் போடும்போது அந்த மூடிக்கு இடமில்லாமல் போகிறது. அதற்காகப் பட்டியலின் அடியில் "ஆகியவை செய்யப்படும்" என்று தனி வரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே "பின்வரும்" என்று ஆரம்பித்துக் கீழே "ஆகியவை" என்று முடிப்பவர்களும் உண்டு, அது ஒரே சட்டிக்கு இரண்டு மூடி. மேல் வரியையே முழுமையான ஒரு பெயரில் முடித்துவிடுவதுதான் சுலபம்: "இந்தத் திட்டத்தில் மேற்கொள்ளும் பணிகள்:". பணிகள் என்று சொன்ன பிறகு கீழே வருபவை எல்லாம் பணியின் பெயராக இருக்க வேண்டும். அதனால் வேலைப் பட்டியலுக்கு "-தல்" பொருந்துகிறது.

மேல் வரி இப்படிப் பெயரில் முடியும்போது நான் பயன்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'உம்' சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "ஏரியைத் தூர்வாருதலும், மதகைப் பழுதுபார்த்தலும்" என்று நாக்கு தடையில்லாமல் போகும். "கரையைப் பலப்படுத்துவோமும்" என்ற இடத்தில் நின்றுவிடும். "பழுதுபார்க்கப்படும்" ஏற்கனவே 'உம்'மில் முடிவது மாதிரி ஏமாற்றும், அது எண்ணும்மை இல்லை. இன்னொரு 'உம்' சேர்க்கப் போனால் மாட்டிக்கொள்ளும். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. "500 பனை விதைகளும்" என்பது தாராளமாக உள்ளே வந்துவிடும், ஏனென்றால் வடிவத்தில் அது பெயர்தான். பொருளில்தான் அது வேலை இல்லை. விதைகளை வாங்குகிறீர்களா, ஊன்றுகிறீர்களா, வீட்டுக்கு வீடு கொடுக்கிறீர்களா என்று வரி சொல்லவில்லை. அதனால் கூடவே, "இது எப்போது முடியும்?" என்று ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள். தூர்வாருதல் எப்போது முடியும் என்று கேட்கலாம். விதைகள் எப்போது முடியும் என்று கேட்க முடியாது. ஊர் மக்களின் பங்களிப்பு எப்போது முடியும் என்று கேட்டால் ஊரே சிரிக்கும்.

வரி வரியாகப் போவோம். முதல் வரி சரி, அதுவே மற்றவற்றுக்கு அச்சு. இரண்டாவது "கரையைப் பலப்படுத்துதல்" ஆகிவிடும். பலப்படுத்தல் என்றும் எழுதலாம், இரண்டும் சரியான வடிவமே. ஆனால் ஒரே பட்டியலில் ஒன்று "-படுத்தல்", இன்னொன்று "-படுத்துதல்" என்று இருந்தால் கவனக்குறைவாகத் தெரியும், ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். மூன்றாவதில் வினையைச் சேர்க்க வேண்டும். பனை விதைக்கு 'ஊன்றுதல்' பொருந்தும், இடத்தையும் சொல்லிவிடலாம்: "கரையோரம் 500 பனை விதைகளை ஊன்றுதல்". எண்ணிக்கை இல்லாவிட்டால் "பனை விதை ஊன்றுதல்" என்று 'ஐ' இல்லாமல் விடுவதே தமிழுக்கு இயல்பு. குறிப்பிட்ட ஒரு பொருள் என்றால் 'ஐ' கேட்கும், பொதுவாகச் சொன்னால் கேட்காது. இதைக்கூட ஒரேமாதிரி ஆக்கவேண்டும் என்று எல்லாவற்றிலும் 'ஐ'யைத் திணிக்காதீர்கள்.

நான்காவதில்தான் விஷயம் இருக்கிறது. "மதகு பழுதுபார்க்கப்படும்" என்பதை "மதகைப் பழுதுபார்த்தல்" என்று மாற்றுவது ஒரு நிமிட வேலை. ('ஐ' வந்ததும் 'ப்' மிகும், செயப்பாட்டு வினையிலிருந்து மாற்றும்போது பலர் இந்த ஒற்றை விட்டுவிடுவார்கள்.) ஆனால் மற்ற வரிகளில் எல்லாம் நீங்கள் செய்வதாக எழுதிவிட்டு, இங்கே மட்டும் கை ஏன் "படும்" என்று போனது? தமிழ்நாட்டில் பொதுவாக, 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. மதகு அவர்கள் சொத்து. அனுமதி இல்லாமல் நீங்கள் கை வைக்க முடியாது, ஒருவேளை அவர்களே செய்து தருவதாகக்கூடச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு அது மனதில் இருந்திருக்கும், அதனால்தான் யார் என்று சொல்லாத வினை வந்து விழுந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். சில வருடம் முன்பு நான் திருத்திய ஒரு முன்மொழிவில் எல்லாம் "-வோம்" என்று போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஒரு வரி மட்டும் "மாணவர்களுக்கு மதிய உணவு வழங்கப்படும்". எனக்கு அது வெறும் நடைக் குறையாகத்தான் பட்டது, "வழங்குவோம்" என்று திருத்தி அனுப்பிவிட்டேன். உண்மையில் உணவு தருவதாக இருந்தது பள்ளி, அந்த நிறுவனம் இல்லை. நிதி தருபவர் "இதற்கு வரவுசெலவில் தொகையே இல்லையே" என்று திருப்பிக் கேட்டபோதுதான் நான் செய்தது புரிந்தது. அன்றிலிருந்து, ஒரு வரி மட்டும் வேறு வடிவத்தில் இருந்தால், திருத்துவதற்கு முன் எழுதியவரிடம் ஏன் என்று கேட்டுவிடுவேன்.

ஐந்தாவது வரி இரண்டு வேலையையும் ஒரு பலனையும் சுமக்கிறது. பலன் பட்டியலுக்குள் வரக்கூடாது, கீழே ஒரு பத்தியில் எழுதுங்கள். ஒரு வரியில் மட்டும் பலன் சொன்னால் மற்றவற்றுக்குப் பலன் இல்லையா என்று தோன்றும். இரண்டு வேலையை ஒரே வரியாக வைப்பதா, பிரிப்பதா என்பதற்கு இலக்கணத்தில் விடை இல்லை. "அகற்றி ஆழப்படுத்துதல்" என்று வினையெச்சத்தால் கோத்துவிடத் தமிழ் தாராளமாக இடம் தருகிறது. நான் செலவு அட்டவணையைப் பார்ப்பேன். மரம் பிடுங்குவதும் ஆழப்படுத்துவதும் ஒரே பொக்லைன் வாடகைக்குள் வருகிறது என்றால் ஒரே வரி. தனித்தனித் தொகை போட்டிருந்தால் தனித்தனி வரி. படிப்பவர் பட்டியலையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எண்ணிக்கை பொருந்த வேண்டும்.

ஆறாவது எதிர்மறை. "கொட்டக்கூடாது" என்பதை அச்சுக்குள் கொண்டுவர "குப்பை கொட்டாமை" என்று எழுதலாம், இலக்கணம் சரிதான். ஆனால் திருக்குறள் அதிகாரத் தலைப்பு மாதிரி இருக்கும். அதோடு அது நீங்கள் செய்யும் வேலையும் இல்லை, மற்றவர்கள் செய்யாமல் இருக்க வேண்டியது. "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்றால் வடிவம் பொருந்தும், எல்லா முன்மொழிவிலும் இருக்கும் ஒரு வெற்று வரியாகவும் ஆகிவிடும். என்ன செய்யப்போகிறீர்கள்? பலகை வைப்பீர்களா, தெருக்கூட்டம் போடுவீர்களா, தொட்டி வைப்பீர்களா? அதை எழுதுங்கள். ஒரு உதாரணத்துக்குப் பலகை என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தத் திட்டத்தில் மேற்கொள்ளும் பணிகள்:
- வரத்துக் கால்வாயைச் சீமைக்கருவேலம் அகற்றி ஆழப்படுத்துதல்
- ஏரியைத் தூர்வாருதல்
- கரையைப் பலப்படுத்துதல்
- மதகைப் பழுதுபார்த்தல்
- கரையோரம் 500 பனை விதைகளை ஊன்றுதல்
- குப்பை கொட்டும் இடங்களில் அறிவிப்புப் பலகை வைத்தல்

வரிசையையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தண்ணீர் வரும் வழியிலேயே போகிறது, கால்வாய், ஏரி, கரை, மதகு என்று. தூர்வாரிய மண்ணைத்தான் கரைக்குப் போடப்போகிறீர்கள் என்றால் அந்த இரண்டும் இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும். கடைசி இரண்டு வரிகள் பொருளில் தொடங்காமல் இடத்தில் தொடங்குகின்றன. அதை அப்படியே விட்டுவிடுவேன், அந்த இரண்டும் புதிதாக ஓரிடத்தில் வைப்பவை, மற்ற நான்கும் இருப்பதைச் சரிசெய்பவை. உங்கள் நண்பர் பிடிவாதக்காரராக இருந்தால் "500 பனை விதைகளைக் கரையோரம் ஊன்றுதல்" என்று திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது.

ஏழாவது வரி இந்தப் பட்டியலில் இல்லை. அது பணி இல்லை, வாக்குறுதி. தனிப் பட்டியலாகப் போடுங்கள், அங்கே வடிவமும் மாறட்டும். "ஊர் சார்பில் நாங்கள்:" என்று தொடங்கி, "வாரம் ஒருநாள் கரை வேலைக்கு ஆள் அனுப்புவோம்", "தூர்வாரிய பிறகு கால்வாயை ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்வோம்" என்று வினைமுற்றில் முடியுங்கள். இங்கே மேல் வரி தொங்குவது சரி, ஒவ்வொரு வரியும் அதை முடித்துவைக்கிறது. "ஆள் அனுப்புதல்" என்றால் யார், எப்போது என்று எதுவும் கட்டுப்படாது, வாக்குக் கொடுக்கும் இடத்தில் அது நழுவுகிற மாதிரி இருக்கும். ஒரே முன்மொழிவில் ஒரு பட்டியல் "-தல்", இன்னொன்று "-வோம்" என்று இருப்பதில் தவறே இல்லை. ஒத்திருக்க வேண்டியது ஒரு பட்டியலுக்குள்ளேதான்.

ஒரு பட்டியலுக்குள் ஒரே முடிவு, மேல் வரியோடு ஒவ்வொரு வரியும் பொருந்துவது, இந்த இரண்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றவை பழக்கத்தையும் ரசனையையும் பொறுத்தவை. "தூர்வாருதல்" என்பதைவிடத் "தூர்வாருவது" என்பது பேச்சுக்கு நெருக்கம், நோக்கங்களை எழுதும்போது நான் அதைத்தான் எடுப்பேன்: "கோடையிலும் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்வது". என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் முன்மொழிவில் "-வது" வரவே கூடாது என்பார், ஏன் என்று கேட்டால் "அலுவலகத் தமிழ் இல்லை" என்பார். தொழிற்பெயரில் முடியும் வரிக்குப் புள்ளி வைப்பதா வேண்டாமா என்பதும் அப்படித்தான். நான் வைப்பதில்லை, வினைமுற்று வரிகளுக்கு வைப்பேன். நிதி தருபவர் தனிப் படிவம் கொடுத்திருந்தால் அதில் உள்ள மாதிரியையே பின்பற்றுங்கள், என் ரசனை அங்கே எடுபடாது.

ஆங்கிலப் பிரதியும் அனுப்பச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அப்போது இந்த வரிகளை அப்படியே மொழிபெயர்க்காமல், அங்கே வினையை முன்னுக்குக் கொண்டுபோய்விடுங்கள், உங்கள் நண்பரின் விதி அங்கே எழுத்துக்கு எழுத்து சரி. அதற்கு முன்னால் ஊராட்சி ஒன்றியத்திலோ நீர்வளத்துறையிலோ மதகு யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள். அவர்களே பழுதுபார்க்கிறார்கள் என்றால் அந்த நான்காவது வரியை எடுத்துவிட்டு, கீழே பத்தியில் "மதகை இன்ன துறை பழுதுபார்க்கும்" என்று பெயரோடு எழுதுங்கள்.